எழுத்து சரி, வரிசை தவறு

பேருந்து நேர அட்டவணையையோ மளிகைக்கடை ரசீதையோ கைபேசியில் படம் எடுத்து, அதிலுள்ள எழுத்துகளை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்துகள் பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். அட்டவணைதான் வராது. ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஓரிடத்தில் கொத்தாக விழும், நேரங்கள் எல்லாம் இன்னோரிடத்தில் விழும். எந்த நேரம் எந்த ஊருக்கு என்று கேட்டால், ஒட்டியதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு எழுத்தையும் இவ்வளவு துல்லியமாகப் படிக்கிற கருவிக்கு, பள்ளிப் பிள்ளை ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும் வரிசை ஏன் புரியவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு சின்னத் தாள் போதும். அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இணையக் கம்பிகள் வந்து சேரும் இரும்பு அலமாரியின் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியல் அது. அதைப் படம் எடுத்து, ‘எந்தத் துளை, எந்தக் கருவி, எந்த அறை’ என்று மூன்று பத்தி கொண்ட அட்டவணையாக மாற்றுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

## அலமாரிக்குள் என்ன இருக்கிறது

கட்டடத்தின் அறைகளில் சுவரில் ஒன்றோ பலவோ இணையத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலிருந்தும் கிளம்பும் கம்பி சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடி, ஒரு பொது அலமாரியில் வந்து முடியும். கட்டடக் கம்பியமைப்பு விதிகளின்படி இப்படி நிலையாகப் பதிக்கும் செப்புக் கம்பி 90 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அலமாரியில் அது வந்து சேரும் பலகைக்குப் பேட்ச் பேனல் என்று பெயர். ஒரு பலகையில் பெரும்பாலும் 24 துளைகள் இருக்கும். துளையைப் போர்ட் என்பார்கள். பலகையின் பின்புறத்தில் கம்பிகள் நிரந்தரமாக இறுக்கப்பட்டிருக்கும். முன்புறத்திலிருந்து குட்டையான பேட்ச் கார்டு ஒன்று சுவிட்சுக்குப் போகும்.

பலகையின் முன்னால் நின்று பார்த்தால் 24 துளைகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஏழாம் துளையின் மறுமுனை எந்த அறையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை, கம்பி சுவருக்குள் மறைந்துவிட்டது. கம்பி இழுத்தவர் அன்று எழுதி ஒட்டிய தாள் ஒன்றுதான் சாட்சி. மூன்றாம் மாடியில் ஒரு போன் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தால், பணியாளர் முதலில் தேடுவதும் அந்தத் தாளைத்தான். அதனால்தான் அதைக் கணினிக்குள் கொண்டுவர எல்லோரும் விரும்புகிறார்கள்.

நம் விளக்கத்துக்கு இப்படி ஒரு தாளை வைத்துக்கொள்வோம். இடம் மிச்சம் பிடிக்க, 24 வரிகளையும் இரண்டு பாதியாகப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

```
PORT DEVICE  ROOM  | PORT DEVICE  ROOM
1    PC      101   | 13   PC      "
2    PC      "     | 14   PHONE   "
3    PHONE   "     | 15   PC      201
4    PRINTER 102   | 16   PC      "
5    PC      "     | 17   PHONE   "
6                  | 18
7    AP      HALL  | 19   AP      HALL2
8    PC      103   | 20   PC      208
9    PHONE   "     | 21   PC      "
10   CCTV    STAIR | 22   PRINTER 210
11   PC      105   | 23   PC      "
12   PC      "     | 24   PC      211
```

இதில் `AP` என்பது கூரையில் மாட்டும் வைஃபை பெட்டி. `"` என்பது ‘மேலே உள்ளதேதான்’ என்று சொல்லும் டிட்டோ குறி, தமிழில் மேற்படிக் குறி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நான்காம் வரியில் அச்சிட்ட `102` என்ற எண்ணை யாரோ பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் `104` என்று எழுதியிருக்கிறார்.

## படம் எடுக்கும்போதே தொடங்கும் வேலை

கருவி எழுத்தைப் படிக்க வேண்டுமானால் எழுத்து போதிய அளவு பெரிதாகப் படத்தில் விழ வேண்டும். நீளவாக்கில் 4,000 படப்புள்ளிகள் கொண்ட சாதாரணக் கைபேசிப் படத்தில் ஒரு ஏ4 தாள் முழுதாக நிரம்பினால், ஒரு மில்லிமீட்டருக்குப் பதின்மூன்று புள்ளிகளுக்குச் சற்று மேலே கிடைக்கும். வழக்கமான அச்செழுத்தின் உயரம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். ஆக ஒரு எழுத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் உயரம் அமைகிறது, அது தாராளம். அதே தாளைத் தள்ளி நின்று எடுத்து, அது படத்தில் பாதி உயரத்துக்கு மட்டும் வந்தால் எழுத்தும் பாதியாகிறது. அப்போதுதான் `8` எது, `B` எது என்ற குழப்பம் தலைகாட்டுகிறது.

அலமாரிக் கதவில் ஒட்டிய தாளுக்கு மேல் பெரும்பாலும் பளபளப்பான பிளாஸ்டிக் உறை இருக்கும். நேராக நின்று பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து நாலைந்து வரிகள் காணாமல் போகும். வெளிச்சத்தில் அழிந்துபோன எழுத்தை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அதனால் பிளாஷை அணைத்துவிட்டுச் சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுப்பதே நல்லது. பக்கவாட்டில் எடுத்தால் தாள் சரிவகமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் சரிவை நிமிர்த்த முடியும். தாளின் நான்கு மூலைகள் படத்தில் எங்கே விழுந்திருக்கின்றன என்று தெரிந்தால், அந்த நான்கையும் ஒரு செவ்வகத்தின் மூலைகளுக்கு இழுத்து, இடைப்பட்ட புள்ளிகளையும் அதே விகிதக் கணக்கில் நகர்த்திவிடலாம். தட்டையான தாளுக்கு இது அப்படியே பொருந்தும். காரணம், தட்டையான பரப்பிலுள்ள நேர்கோடு எந்தக் கோணத்தில் எடுத்த படத்திலும் நேர்கோடாகவே இருக்கும்.

பசை விட்டுத் தாள் நடுவில் உப்பியிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். மூலைகள் நான்கும் சரியாக உட்கார்ந்தாலும் நடு வரிகள் வளைந்தே நிற்கும். அப்போது விரலால் தாளை அழுத்திப் பிடித்து மறுபடி எடுப்பதுதான் சரியான தீர்வு.

## கருவி தருவது எழுத்து மட்டும் இல்லை

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் நிரலை எழுத்துணரி என்று அழைப்போம். இலவசமாகக் கிடைப்பவற்றில் நெடுங்காலமாகப் புழங்குவது டெசராக்ட். 1980களில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் பிறந்து, 2005இல் திறந்த மூல நிரலாக வெளிவந்தது. அதனிடம் வெறும் எழுத்தைக் கேட்கலாம். இப்படியும் கேட்கலாம்:

```
tesseract panel.png out --psm 6 tsv
```

கடைசியில் உள்ள `tsv` என்ற சொல்தான் நமக்கு முக்கியம். அது இருந்தால், படித்த ஒவ்வொரு சொல்லோடும் அந்தச் சொல் படத்தில் எந்த இடத்தில், எவ்வளவு அகல உயரத்தில் இருந்தது, அதைப் படித்ததில் கருவிக்கு நூற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை என்ற விவரங்களும் வரும். நம் தாளின் நான்காம் வரிசையிலிருந்து, வேண்டிய பத்திகளை மட்டும் எடுத்தால் இப்படி இருக்கும்:

```
left  top  width  height  conf  text
112   640  22     31      96    4
210   638  168    33      94    PRINTER
452   641  66     31      41    102
700   652  44     31      95    16
800   651  58     31      95    PC
1130  655  20     12      33    "
```

`left` என்பது படத்தின் இடது ஓரத்திலிருந்து உள்ள தொலைவு, `top` மேல் ஓரத்திலிருந்து உள்ள தொலைவு. முதல் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. கைபேசி நமக்கு நகலெடுத்துத் தருவது `text` என்ற கடைசிப் பத்தியை மட்டும்தான். தாளில் ஒரு சொல்லுக்குப் பொருள் தருவது அது இருக்கும் இடம். `102` என்பது நான்காம் துளையின் அறை என்று நாம் அறிவது, அது `4` என்ற எண்ணுக்கு நேரே, `ROOM` என்ற தலைப்புக்குக் கீழே இருப்பதால்தான். இடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால், அட்டவணையை அட்டவணையாக்கிய செய்தியே போய்விடுகிறது.

## இடத்தை வைத்து வரிசை கட்டுதல்

இனி மேலேயுள்ள எண்களை வைத்துக்கொண்டு நாமே வரிசை கட்டலாம். ஒவ்வொரு சொல்லின் நடு உயரத்தையும் எடுங்கள். `4` என்பதன் நடு சுமார் 655இல் இருக்கிறது, `PRINTER` 654இல், `102` 656இல். மூன்றும் ஒரே வரி என்பதில் ஐயமில்லை. வலது பாதியின் `16` மட்டும் 667இல் நிற்கிறது. தாள் சற்றுச் சாய்ந்திருப்பதால் வலப்பக்கம் பன்னிரண்டு புள்ளி கீழே இறங்கிவிட்டது. இது அதே வரியா, அடுத்த வரியா? நம் தாளில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 60 புள்ளி இடைவெளி இருக்கிறது. பன்னிரண்டு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே அதே வரிதான். வரி இடைவெளியில் பாதிக்குள் விலகல் இருக்கும்வரை ஒரு சொல் எந்த வரியைச் சேர்ந்தது என்பதில் குழப்பம் வராது. சாய்வு அதைத் தாண்டினால், வலது பாதியின் கருவிப் பெயர்கள் அடுத்த துளையின் வரியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முதலில் படத்தை நிமிர்த்தினோம்.

பத்திகளைப் பிரிக்கவும் இதே வழிதான், `left` எண்ணைப் பார்த்தால் போதும். 112ஐ ஒட்டியவை எல்லாம் துளை எண், 210ஐ ஒட்டியவை கருவி, 452ஐ ஒட்டியவை அறை. 700இல் இன்னொரு துளை எண் பத்தி தொடங்குகிறது. அதாவது தாளில் இருப்பது ஆறு பத்தி கொண்ட ஒரு அட்டவணை இல்லை. மூன்று பத்தி கொண்ட ஒரே அட்டவணை இரண்டாக மடிந்து நிற்கிறது. வலது பாதியைக் கத்தரித்து இடது பாதிக்குக் கீழே ஒட்டினால்தான் அதன் உண்மையான வடிவம் கிடைக்கும்.

## மேற்படிக் குறி எதைச் சுட்டுகிறது

இந்தக் கத்தரிப்பை மேற்படிக் குறிகளை நிரப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பதின்மூன்றாம் வரியைப் பாருங்கள். வலது பாதியின் முதல் வரியிலேயே அறைக்குப் பதிலாக மேற்படிக் குறி நிற்கிறது. அதற்கு மேலே தலைப்பைத் தவிர எதுவும் இல்லை. எழுதியவர் நினைத்தது இடது பாதியின் கடைசி அறையான `105`ஐ. படத்தில் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் போகும் நிரல் கடைசியாகப் பார்த்த அறையோ `101`. அது பதின்மூன்று, பதினான்கு இரண்டையும் 101இல் கொண்டுபோய் வைத்துவிடும். முதலில் பாதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டுப் பிறகு குறிகளை நிரப்பினால் இரண்டும் 105க்கு வந்து சேரும்.

குறி சின்னது என்பது அடுத்த சிக்கல். மேலேயுள்ள பட்டியலில் அதன் உயரம் 12 புள்ளி, நம்பிக்கை 33. பல நேரங்களில் எழுத்துணரி அதைத் தூசு என்று ஒதுக்கிவிடும், அல்லது `11` என்று படித்துவிடும். பதினொன்று என்ற அறை எண் வந்தால் யாருக்காவது கண்ணில் படும். ஒதுக்கிவிட்டால் அந்தக் கட்டம் வெறுமையாகத் தெரியும். வெறும் கட்டமும் மேற்படிக் குறி உள்ள கட்டமும் முற்றிலும் வேறு செய்திகள். ஆகவே எழுத்துணரி எதையும் படிக்காத ஒவ்வொரு கட்டத்தையும் படத்திலிருந்து தனியே வெட்டி, அதில் கருமையான புள்ளிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஆறாம் வரியின் அறைக் கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. ஐந்தாம் வரியின் கட்டத்தில் இரண்டு சிறு கோடுகளுக்கு உரிய புள்ளிகள் இருக்கும்.

## ஒரு வரி நழுவினால்

ஆறாம் துளைக்கும் பதினெட்டாம் துளைக்கும் எதிரே தாளில் ஒன்றும் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தையும் ஒரு தகவலாக மதிக்காமல் போனால் வரும் பிழைதான் இந்த வேலையிலேயே மிகக் கொடியது.

ஒருவர் கைபேசியிலிருந்து கருவிப் பத்தியை மட்டும் நகலெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறும் கட்டங்கள் நகலில் வராது, 22 சொற்கள் வரும். அவற்றை 1 முதல் 24 வரையுள்ள எண்களுக்கு எதிரே வரிசையாக ஒட்டுகிறார். முதல் ஐந்து வரிகள் சரி. ஆறாம் துளைக்கு நேரே ஏழாம் துளையின் `AP` வந்து உட்காருகிறது. அதிலிருந்து எல்லாம் ஒரு படி மேலே நழுவுகின்றன. பதினேழாம் துளையிலிருந்து நழுவல் இரண்டு படியாகிறது. சட்டையில் ஒரு பொத்தானைத் தள்ளிப் போட்டதுபோல, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு துளைக்குள் பொருந்தித்தான் இருக்கிறது, கடைசியில்தான் மீதம் தெரிகிறது.

இங்கே எந்த எழுத்தும் தவறாகப் படிக்கப்படவில்லை. எழுத்துப்பிழை தேடும் எந்தக் கருவியும் இதைக் கண்டுபிடிக்காது. ஆங்காங்கே நாலைந்து வரிகளை எடுத்துத் தாளோடு ஒப்பிட்டாலும் தப்பிவிடக்கூடும். நழுவிய பிறகும் 11, 12, 15, 21 ஆகிய துளைகளுக்கு நேரே `PC` என்றுதான் இருக்கும், தாளிலும் அதே `PC`. பக்கத்துப் பக்கத்து வரிகளில் ஒரே கருவி வருவதால் தவறும் சரிபோலத் தெரிகிறது.

ஆகவே ஒப்பிட எடுக்கும் வரிகளை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தாளில் ஒரே ஒரு `CCTV` இருக்கிறது, அது பத்தாம் துளை. நழுவிய அட்டவணையில் அது ஒன்பதாம் துளைக்குப் போயிருக்கும். அரிதாக வரும் கருவியின் வரியும் பட்டியலின் கடைசி வரியும் சரியாக இருந்தால், இடையில் நழுவல் நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு சோதனை எண்ணிக்கை. 24 துளைக்கு 24 வரிகள் வர வேண்டும், அதில் வெறும் வரிகள் எத்தனை என்று தாளைப் பார்த்து முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நழுவிய அட்டவணையிலும் வெறும் வரிகள் இரண்டுதான். ஆனால் அவை 6, 18 என்று இல்லாமல் 23, 24 என்று கடைசியில் நிற்கும்.

## 8ஆ, Bஆ

எழுத்துணரி இருபதாம் துளையின் அறையை `20B` என்று படித்திருக்கிறது. இங்கே இரண்டு வழிகள் உண்டு. அறைப் பத்தியை மட்டும் தனியே வெட்டி, ‘எண்களைத் தவிர வேறெதையும் படிக்காதே’ என்று எழுத்துணரிக்குக் கட்டளையிடலாம். அப்போது `208` என்று வந்துவிடும். கேட்க நன்றாக இருந்தாலும் இது ஆபத்தான வழி. `HALL`, `STAIR` போன்ற சொற்களையும் அது எண்களாக்கப் பார்க்கும். உண்மையிலேயே 20பி என்று ஒரு அறை இருந்தாலும் நமக்குத் தெரியாமலே 208 ஆகிவிடும். சந்தேகம் தீராது, கண்ணிலிருந்து மறைந்துவிடும், அவ்வளவுதான்.

கட்டடத்தின் அறைப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு ஒப்பிடுவது நல்ல வழி. படித்தது படித்தபடியே ஒரு பத்தியில் இருக்கட்டும். `20B` பட்டியலில் இல்லை, ஒரே எழுத்து மாறினால் `208` இருக்கிறது, அந்த எழுத்தும் வழக்கமாகக் குழம்பும் ஜோடி. ஆகவே பக்கத்துப் பத்தியில் `208` என்று திருத்தி எழுதலாம். நாளைக்கு யாராவது கேட்டால், எதிலிருந்து எதை மாற்றினோம் என்பதற்கு ஆதாரம் அங்கேயே இருக்கும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. மங்கிய `101` ஒன்றை எழுத்துணரி `107` என்று படித்து, கட்டடத்தில் 107 என்ற அறையும் இருந்துவிட்டால், அறைப் பட்டியல் தலையாட்டிவிடும். நம்பிக்கை எண் குறைவாக இருந்தால்தான் கண்ணில் படும். அதனால் குறைந்த நம்பிக்கையோடு வந்த ஒவ்வொரு கட்டத்தையும், பட்டியலில் பொருந்தினாலும், வெட்டிய படத்துண்டோடு சேர்த்து ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.

## அடித்து எழுதிய எண்

நான்காம் வரியின் `102`க்கு நம்பிக்கை 41தான். காரணம் அதன் மேல் ஓடும் பேனாக் கோடு. எழுத்துணரி கோட்டுக்கு அடியிலிருந்த எண்ணைப் படித்துவிட்டது, பக்கத்தில் கையால் எழுதிய `104`ஐ விட்டுவிட்டது. தாளைப் பார்த்தால் எந்த மனிதரும் 104 என்றே சொல்வார். ஆகவே நான்காம் துளையின் அறை 104.

அப்படியானால் ஐந்தாம் துளையின் அறை எது? அங்கே மேற்படிக் குறி இருக்கிறது. அச்சிட்ட நாளில் அது 102ஐச் சுட்டியது. பிறகு மேலே இருந்த எண் மாறிவிட்டது. திருத்தியவர் பிரின்டரை மட்டும் 104க்கு மாற்றினாரா, அல்லது அந்தக் கணினியும் சேர்ந்து மாறியதா? குறியை இயந்திரம்போல நிரப்பினால் ஐந்தாம் துளையும் 104 ஆகிவிடும். திருத்தத்துக்கு முன்பே நிரப்பினால் 102. இரண்டுமே தாளின்மீது நம் ஊகத்தை ஏற்றுவதாகும். இதைத் தீர்க்கும் தகவல் தாளில் இல்லை. ஆகவே அட்டவணையில் அதை அப்படியே பதிவு செய்வதுதான் நேர்மை:

```
port,device,room,raw_room,note
4,PRINTER,104,102,struck; 104 in pen
5,PC,,ditto,check 102 or 104
6,,,blank,blank on sheet
20,PC,208,20B,matched room list
```

மேற்படிக் குறிக்குப் பதிலாக `ditto` என்று சொல்லாகவே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இவ்வகைக் கோப்புகளில் `"` என்ற குறிக்கு வேறொரு வேலை இருக்கிறது: ‘இங்கே ஒரு மேற்கோள் தொடங்குகிறது, அது முடியும்வரை எல்லாம் ஒரே கட்டம்’ என்பது அதன் பொருள். தனியாக ஒரு குறியை எழுதிவிட்டால், அடுத்த குறி வரும்வரையுள்ள வரிகளை அது ஒரே கட்டத்துக்குள் விழுங்கிவிடும்.

கோப்பை எக்செல் போன்ற விரிதாளில் திறக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். பல அலுவலகங்களில் முதல் பலகையின் பன்னிரண்டாம் துளையை `1-12` என்று எழுதுவார்கள். விரிதாள் அதைத் தேதி என்று எண்ணி மாற்றிவிடும். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே இந்தத் தொல்லையால் 2020இல் சில மரபணுக்களின் பெயரை மாற்றியது. `MARCH1` என்ற பெயர் விரிதாளில் மார்ச் முதல் தேதியாகிக்கொண்டிருந்ததால் அது `MARCHF1` ஆனது. நாம் துளைகளின் பெயரை மாற்ற வேண்டியதில்லை, கோப்பைத் திறக்கும்போது அந்தப் பத்தி வெறும் எழுத்து என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

## தாள் சொல்வதும் கம்பி சொல்வதும்

இதுவரை செய்ததெல்லாம் தாளைச் சரியாகப் படித்ததுதான். தாள் சரியா என்பது வேறு கேள்வி. அதற்குக் கம்பியைத்தான் கேட்க வேண்டும்.

அலமாரியில் இருக்கும் சுவிட்சிடமிருந்தே பாதி விடை கிடைக்கும். இணையப் போன்களும் வைஃபை பெட்டிகளும் பெரும்பாலும், தாங்கள் இன்னார் என்று அவ்வப்போது கம்பி வழியாகத் தாமே அறிவிக்கும். சுவிட்சில் `show lldp neighbors` என்று தட்டினால் அந்த அறிவிப்புகள் பட்டியலாக வரும். அறிவிக்காத கருவிகளுக்கு `show mac address-table` உதவும். ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் முகவரியின் முதல் பாதி, அதைச் செய்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. தாளில் `PRINTER` என்று இருக்கும் துளையில் போன் நிறுவனத்தின் முகவரி தெரிந்தால், தாள் எழுதிய பிறகு ஏதோ மாறியிருக்கிறது என்று அறியலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: சுவிட்சின் ஏழாம் துளையும் பலகையின் ஏழாம் துளையும் ஒன்றல்ல. இரண்டையும் இணைக்கும் பேட்ச் கார்டு எதிலிருந்து எதற்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து எழுதிய பிறகே இரண்டு பட்டியலையும் ஒப்பிட வேண்டும்.

சுவிட்சுக்குக் கருவி தெரியும், அறை தெரியாது. ஐந்தாம் துளையின் கேள்விக்கு விடை காண டோனர் என்ற சிறு கருவியைப் பயன்படுத்துவார்கள். முதலில் அந்தத் துளையிலுள்ள பேட்ச் கார்டை எடுத்துவிட வேண்டும், கணினியில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். பலகையின் ஐந்தாம் துளையில் டோனரைச் செருகினால் கம்பி வழியாக ஒரு ஒலிச் சைகை போகும். 102க்கும் 104க்கும் போய்ச் சுவர்த் துளைகளுக்கு அருகே அதன் தேடுகோலைக் காட்டினால், உரிய இடத்தில் சத்தம் பலமாகக் கேட்கும். ஆறாம் துளையையும் இதேபோலப் பார்த்துவிடலாம். தாளில் வெறுமையாக இருப்பதால் அது காலியாக இருக்கிறது என்று பொருளில்லை. பின்னால் கம்பி இருந்தும் பெயர் எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஆகவே அட்டவணையில் இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும். இந்த வரி தாளில் படித்தது மட்டுமா, கம்பியில் சோதித்ததா என்று ஒன்று. எந்தத் தேதியில் என்று மற்றொன்று. எல்லா வரிகளையும் ஒரே நாளில் சோதிக்க வேண்டியதில்லை. சந்தேகம் எழுதிய வரிகளிலிருந்து தொடங்கலாம், மற்றவற்றை ஏதாவது வேலைக்காக அந்த அறைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை முடிந்ததும் அட்டவணையிலிருந்து புதிய தாளை அச்சிட்டுக் கதவில் ஒட்டுங்கள். அதில் மேற்படிக் குறி வேண்டாம், ஒவ்வொரு வரியிலும் அறை எண்ணை முழுதாக எழுதுங்கள். வெறும் துளைக்கு எதிரே ஒரு சொல் இருக்கட்டும், `EMPTY` என்றோ `NO CABLE` என்றோ. 24 வரிகளும் ஒரே நெடுவரிசையில் இறங்கட்டும். தாளின் அடியில் தேதி இருக்கட்டும். இந்த அத்தியாயத்தில் நாம் அவிழ்த்த முடிச்சுகளில் பாதிக்கு மேல், தாளை எழுதிய விதத்தால் விழுந்தவை. அடுத்து அதைப் படம் எடுப்பவருக்கு எழுத்துணரி தருவதே ஏறக்குறைய அட்டவணையாக இருக்கும்.